வலி இருந்த இடம்

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்ட மருத்துவரிடம் நான் பொய் சொன்னேன். இடுப்பில் என்றேன். அடிவயிற்றிலும் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டேன்.

இரண்டும் உண்மைதான். ஆனால் முழு உண்மையில்லை. அன்று விடிகாலை மூன்று மணிக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே, முதுகில் தொடங்கிய வலி, சரிந்து சரிந்து இறங்கித் தொடை இடுக்கைத் தாண்டி யோனியின் வலது இதழில் போய் நின்றிருந்தது. அங்கே எரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் வருவதுபோல முட்டியது. போனால் இரண்டு சொட்டு. அந்த இடத்தின் பெயரை, என்னைவிடப் பத்து வயது குறைந்த அந்த ஆண் மருத்துவரிடம், பக்கத்தில் இன்னொரு நோயாளியும் அவர் கணவரும் காத்திருந்த அறையில் என்னால் சொல்ல முடியவில்லை.

உடலைப் பற்றி இரண்டு தொகுப்புகள் நிறையக் கவிதை எழுதியவள் நான். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். ஆனால் வகுப்பில் சங்கப் பாடல் நடத்தும்போது 'அல்குல்' என்ற சொல் வந்தால் 'இடை' என்று பொருள் சொல்லி நகர்ந்துவிடுவதும் நான்தான். அன்று என் உடம்புக்கும் அதே உரையைத்தான் எழுதினேன்.

அந்த மருத்துவர் கேட்டதற்கேற்ப மருந்து தந்தார். அடிக்கடி சிறுநீர், எரிச்சல், நாற்பத்துச் சொச்சம் வயதுப் பெண்: யூரின் இன்ஃபெக்‌ஷன். ஐந்து நாள் ஆன்டிபயாடிக். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை, சிவப்பணுக்கள் மட்டும் கொஞ்சம் இருந்தன. "பீரியட்ஸ் நெருங்குதா? அதோட ரத்தமா இருக்கும்" என்று அதுவும் கடந்துபோனது. வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. வந்தால் ஒரு பக்கமாகப் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது; நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஏழாம் நாள் வாந்தியும் சேர்ந்தபோது வேறொரு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். சிறுநீரை அடக்கி மூத்திரப்பை நிறைய வரச் சொன்னார்கள். அடக்குவதுதானே எனக்கு முடியாமல் இருந்தது? காலிப் பையோடுதான் படுத்தேன். நிறைந்த பை ஒரு சன்னல்போல, அதன் வழியாகத்தான் பின்னால் இருப்பது தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சன்னல் மூடியிருந்தது. குடலின் காற்று மற்ற இடங்களை மறைத்தது. அறிக்கையில் கல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வரி இருந்தது: வலது சிறுநீரகத்தில் மைல்ட் ஹைட்ரோநெஃப்ரோஸிஸ்.

அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நெஃப்ரோஸிஸ் என்பது தனியாகவே ஒரு பெரிய வியாதியைப்போல ஒலித்தது. மருந்துக்கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "கிட்னி வீங்கியிருக்கு மேடம்" என்றான். டயாலிசிஸ் வரை போய்த் திரும்பியது மனம்.

பிற்பகலில் மறுபடி சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். சீட்டில் 'சி.டி. கே.யு.பி. பிளெய்ன்' என்று இருந்தது. கே.யு.பி. என்பது சிறுநீரகம், சிறுநீர் நாளம், சிறுநீர்ப்பை என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். பிளெய்ன் என்றால் கைநரம்பில் மருந்து ஏற்றாமல் எடுப்பது. வாசலில் இருந்த தொழில்நுட்பப் பெண் குரலைத் தாழ்த்தி, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க மேடம்?" என்று கேட்டார். கர்ப்பம் இருக்க வாய்ப்பிருந்தால் இந்தக் கதிர்களுக்குள் அனுப்பமாட்டார்கள். அல்ட்ராசவுண்டோடு நிறுத்திப் பார்ப்பார்கள். அவர் தலைக்குக் குளிப்பதைக் கேட்டார், நான் தேதியைச் சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே உரையாசிரியரின் மாணவிகள்.

ஸ்கேன் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "மருந்து போடாம எடுத்தா சரியாத் தெரியுமா?" என்று நான் கேட்டது, மருந்து போடுவதற்குக் காசு இல்லை என்று நினைத்துக் குறைத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தில். பதில் சொன்னவர் ஸ்கேனைப் படிக்கும் மருத்துவர். ஐம்பது வயதுப் பெண். என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"காலேஜ்ல தமிழ் சொல்லிக் குடுக்கறேன்."

"அப்போ சீக்கிரம் படிச்சிருவீங்க. இங்க பாருங்க."

கறுப்பிலும் சாம்பலிலும் என் வயிறு அடுக்கடுக்காக வெட்டப்பட்டுக் கிடந்தது. சி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது, கதிர் அதில் எவ்வளவு தடைபடுகிறது என்ற கணக்கு. அந்தக் கருவியை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த எண் அழைக்கப்படுகிறது. அந்த அளவுகோலில் தண்ணீர்தான் சுழி. காற்று கழித்தல் ஆயிரம். சிறுநீர் கிட்டத்தட்ட தண்ணீர், எனவே சாம்பல் நிறம். கல் பல நூறு. அதனால் எலும்பைப்போல வெள்ளையாக, தானாகவே ஒளிர்கிறது. மருந்து ஏற்றினால் என்ன ஆகும்? அந்த அயோடின் மருந்தைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் விடும். அப்போது சிறுநீரும் வெள்ளையாகிவிடும். வெள்ளைக்குள் வெள்ளைக் கல்லை எப்படித் தேடுவது? "கல்லைத் தேடும்போது மருந்து போடாம இருக்கறதுதான் சரியான வழி" என்றார். கட்டியோ, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதோ தெரியவேண்டுமானால் மருந்து வேண்டும். கேள்வி மாறினால் ஸ்கேனும் மாறும்.

பிறகு அறிக்கையை அச்சடித்துத் தந்தார். முக்கியமான பகுதி இரண்டே வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி: வலது சிறுநீர் நாளத்தின் கீழ்ப்பகுதியில், சிறுநீர்ப்பையில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, 6 × 4 மில்லிமீட்டர் அளவுள்ள கல், அடர்த்தி 850. அதற்கு மேலே நாளமும் சிறுநீரகமும் லேசாக விரிந்திருக்கின்றன.

அளவு, இடம், விரிவு. மூன்று செய்திகள். இவற்றை அவர் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னார்.

முதலில் அந்தப் பயமுறுத்தும் சொல். ஹைட்ரோ என்றால் கிரேக்கத்தில் நீர், நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், ஓஸிஸ் என்பது நிலையைக் குறிக்கும் விகுதி. நீர் தேங்கிய சிறுநீரகம். அவ்வளவுதான். அது ஒரு நோயின் பெயரே இல்லை. எங்கோ கீழே வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். சிறுநீரகத்துக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்கள் உண்டு. அவற்றில் சொட்டுகிற சிறுநீர் ஒரு புனலில் சேர்ந்து, ஏறத்தாழ இருபத்தைந்து செ.மீ. நீளமுள்ள மெல்லிய நாளம் வழியாகப் பைக்கு இறங்குகிறது. மடையில் கல் விழுந்தால் தண்ணீர் பின்வாங்கி வாய்க்காலில் ஏறுவதுபோல, நாளம் அடைபட்டால் புனலும் கிண்ணங்களும் விரிகின்றன. புனலும் கிண்ணங்களும் சற்றே அகன்றிருந்தால் மைல்ட். கிண்ணங்கள் உருண்டு பருத்தால் மாடரேட். நீர் அழுத்தி அழுத்தி, வடிகட்டும் சதையே மெலிந்துபோனால் சிவியர். நாளமும் சேர்ந்து விரிந்திருப்பதால் என் அறிக்கையில் ஹைட்ரோயூரிட்ரோநெஃப்ரோஸிஸ் என்று இன்னும் நீளமாக இருந்தது.

இதைச் செய்வது கல் மட்டுமில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் கருப்பை அழுத்துவதால், அதிலும் வலப்பக்கம், லேசான விரிவு இயல்பாகவே வரும். பெரிய கருப்பைக் கட்டி அழுத்தலாம். கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு நேர் கீழே இந்த நாளம் ஓடுகிறது. கருப்பையை அகற்றும்போது அது காயப்பட்டாலும் நீர் தேங்கும். நம் உடம்பில் இந்த இரண்டு வழிகளும் அத்தனை நெருக்கம். அதனால்தான் ஹைட்ரோநெஃப்ரோஸிஸ் என்று படித்ததும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதனால், எந்த இடத்தில்?

அடுத்தது இடம். நாளத்தில் கல் சிக்கிக்கொள்ளும் குறுகல்கள் மூன்று. புனலிலிருந்து நாளம் தொடங்கும் இடம், காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம். மேலே சிக்கினால் வலி விலாவில். நடுவில் வந்தால் அடிவயிற்றில்; வலப்பக்கமானால் குடல்வால் என்று தோன்றும். மூன்றாவது குறுகலுக்கு வந்துவிட்டால், அந்த நரம்புகள் வேறொரு இடத்து வலியைச் சொல்லத் தொடங்கும். மருத்துவர் திரையில் அந்த வெள்ளைப் புள்ளியின் மேல் அம்பை நிறுத்திவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "கல்லு இங்க இருந்தா லேபியா வரைக்கும் வலி இறங்கியிருக்கணுமே. யூரின் முட்டிக்கிட்டே இருந்திருக்கும். இருந்துச்சா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வலியினால் என்று நினைத்திருப்பார். நான் சொல்லாமல் மறைத்த இடம்தான் இந்தக் கல்லின் முகவரியாக இருந்திருக்கிறது. ஏழு நாளுக்கு முன் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் ஆன்டிபயாடிக் சீட்டுக்குப் பதில் ஸ்கேன் சீட்டு கிடைத்திருக்கலாம். அந்த இளம் மருத்துவரும் கேட்டிருக்கலாம். விலாவில் தொடங்கி இறங்கிய வலியா, வேறெங்காவது பரவுகிறதா என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரின் கூச்சத்துக்கு நடுவில் கல் நிம்மதியாக இருந்தது.

அருகிலேயே இடுப்புக்குழியில் இன்னும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவையும் கற்களா என்று பதறினேன். சிரைகளில் படிந்த சுண்ணாம்பு அது, பல பேருக்கு இருக்கும், தீங்கில்லை என்றார். பார்த்த மாத்திரத்தில் கல்லைப்போலவே இருக்கும். அது நாளத்துக்குள் இருக்கிறதா வெளியிலா, சுற்றிலும் நாளத்தின் சுவர் வீங்கி ஒரு வளையம்போலத் தெரிகிறதா, அதற்கு மேலே விரிவு இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

கடைசியில்தான் அளவு. நாமோ அதைத்தான் முதலில் கேட்கிறோம், "எத்தனை எம்.எம்.?" என்று. நாளத்தின் உள்வெளி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், ஆனால் அது தசை, கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் கற்கள் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறும். ஐந்திலிருந்து பத்து வரை என்றால் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அளவு ஒன்றாக இருந்தாலும், மேலே சிக்கியதைவிடக் கீழே வந்துவிட்டதற்கு வாய்ப்பு அதிகம். 850 என்ற எண் அது பெரும்பாலும் கால்சியம் கல் என்று சொல்கிறது. யூரிக் அமிலக் கற்கள் பொதுவாக ஐந்நூறுக்குக் கீழே நிற்கும். ஒன்றை மட்டும் இந்த மூன்றும் சொல்லாது, வலியின் அளவு. மூன்று மில்லிமீட்டர் கல் ஒருத்தியைத் தரையில் உருட்டும், பத்து மில்லிமீட்டர் கல் இன்னொருத்தியிடம் சத்தமில்லாமல் இருக்கும். நாளம் திடீரென்று இழுபடும் வேகம்தான் வலி.

சிறுநீரக மருத்துவர் நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆறு மில்லிமீட்டர், கீழே வந்துவிட்டது, விரிவு லேசானது, காய்ச்சல் இல்லை, மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. அதனால்தான் பொறுக்கலாம். இவற்றில் ஒன்று மாறினாலும் பொறுக்கக்கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார். குளிர்க் காய்ச்சல் வந்தால் இரவென்று பார்க்காமல் வரவேண்டும். தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் மணிக்கணக்கில் ரத்தத்துக்குப் போய்விடும், உடனே நீரை வடிக்கவேண்டும். சிறுநீர் நின்றாலும் வரவேண்டும். வலிக்கு மாத்திரை, அதோடு டாம்சுலோசின் என்று ஒன்று. மருந்துக்கடைத் தம்பி, "இது சாருக்கா மேடம்?" என்று கேட்டான். அது ஆண்களின் புராஸ்டேட்டுக்கான மாத்திரையாம். நாளத்தின் கீழ்ப்பகுதித் தசையையும் தளர்த்தும் என்பதால் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். "எனக்குத்தான்" என்றேன். சின்னச் சொல்தான். ஆனால் அந்த வாரம் நான் கூசாமல் சொன்ன முதல் சொல்.

பன்னிரண்டாம் நாள் வலி நின்றது. சுத்தமாக நின்றது. கல் போய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். சிறுநீரை வடிகட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். கல்லூரியில் தேர்வுத்தாள் திருத்தும் பணி தொடங்கியிருந்தது. நான்காம் வார ஸ்கேனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன்.

அம்மாதான் விடவில்லை. "எனக்கும் இப்பிடித்தான் நின்னுச்சு தாயி. போயி பாத்துட்டு வா" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மூன்று இரவுகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சூட்டுவலி என்று வெந்தயமும் மோரும் கொடுத்தார் ஆச்சி. பிறகு நின்றுவிட்டது. "எம் மருமக ஒரு சத்தம் போடல" என்று ஆச்சி ஊரெல்லாம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இருபது வருடம் கழித்து வேறெதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்தபோது இடது சிறுநீரகம் ஒரு சுருங்கிய பையாகத் தெரிந்தது. நாளத்தில் பழைய கல் ஒன்று அப்படியே இருந்தது. அம்மாவுக்கு ஒற்றைச் சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. அவளுக்கு இன்றுவரை அதற்காகப் பெரிய வருத்தமில்லை. கடவுள் ரெண்டு குடுத்தாரே என்பாள். எனக்கு இருக்கிறது.

அம்மாவுக்காகத்தான் போனேன். இந்த முறை அல்ட்ராசவுண்ட். எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிட்டதால் மறுபடி கதிர்வீச்சு தேவையில்லை. முட்டல் இல்லாததால் பையும் நிறைந்திருந்தது. சன்னல் திறந்திருந்தது. கல் அதே இடத்தில் இருந்தது. அறிக்கையில் 7.5 மில்லிமீட்டர் என்று போட்டிருந்ததைப் பார்த்து, வளர்ந்துவிட்டதா என்று அந்த மருத்துவரிடம் ஓடினேன். "அல்ட்ராசவுண்ட் கொஞ்சம் பெருசாத்தான் காட்டும். ஒரு ஸ்கேன் அளவை இன்னொரு ஸ்கேன் அளவோட ஒப்பிடாதீங்க. நீங்க பாக்க வேண்டியது இந்த வரி" என்று விரல் வைத்தார். மைல்ட் என்று இருந்த இடத்தில் மாடரேட் என்று இருந்தது.

வலியில்லாமலா? ஆமாம். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது, வடிகட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் இறங்குகிறது, வலி அடங்குகிறது. அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வேலையைக் குறைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், மெல்ல மெல்ல மெலிகிறது. அதைப் பொறுமை என்று நாம் மெச்சிக்கொள்கிறோம்.

மறுவாரம் சிறுநீர்ப் புறவழி வழியாகவே மெல்லிய கேமராக் குழாயை அனுப்பி, லேசரால் கல்லைத் துகளாக்கி எடுத்தார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. வீக்கம் வடியும்வரை நாளத்துக்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தார்கள். இருந்த இரண்டு வாரமும் அது எரிச்சல் தந்தது. முட்டல் திரும்பி வந்தது. எடுத்துவிடும் தேதியை நாள்காட்டியில் வட்டமிடச் சொன்னார்கள், மறந்துபோனால் அதன் மேலேயே கல் வளருமாம். எடுத்த பின் இரண்டு மாதம் கழித்துப் பார்த்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் விரிவு இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

கல்லூரியில் பெண்கள் கழிப்பறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டால் மாலை ஐந்துவரை குடிக்காமலிருக்கப் பழகிய உடம்பு என்னுடையது. நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியவேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டை முதல்வர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மோட்டார் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் மறுபடி அந்தப் பாடல் வகுப்பில் வந்தது. முதல் வரிசைப் பெண் உரையைப் பார்த்து 'இடை' என்று படித்தாள். நிறுத்தச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு உள்ள மற்றப் பொருள்களையும் பெயர் சொல்லிச் சொன்னேன். சிலர் குனிந்தார்கள். மணி அடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி வந்து, யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, "மேம், எனக்கு ரெண்டு வாரமா அங்கதான் வலிக்குது. ஹாஸ்டல்ல இடுப்பு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

முதுகில் தொடங்கி இறங்கியதா, சிறுநீர் முட்டுகிறதா, காய்ச்சல் உண்டா, நாள் தள்ளியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். அவளும் வரிசையாகச் சொன்னாள். அன்று பிற்பகல் வகுப்பை மாற்றிக்கொண்டு அவளோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அவளே சொன்னாள்.